லோகோவிலேயே நின்ற வாட்ச்

அந்தக் கடையில் அவளுக்கு சீனியர் என்று பெயர். முதலாளி கூப்பிடுவதும் அப்படித்தான், பார்சல் கொண்டு வருகிறவர் கூப்பிடுவதும் அப்படித்தான். ஒன்பது வருடமாக ஒரே மேசை, ஒரே மைக்ராஸ்கோப். தண்ணீரில் விழுந்த போன், மாடியிலிருந்து விழுந்த போன், குழந்தை சுவரில் அடித்துப் பார்த்த டேப்லெட் என்று அவள் கைக்கு வந்து பிழைத்துப் போனவை ஏராளம். ஆனால் அவள் முகம் தெரிந்த வாடிக்கையாளர்கள் குறைவு. அவள் மேசை கடையின் பின்பக்கம், இடுப்பளவு கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருந்தது. குனிந்தே செய்கிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் உச்சி வகிடு மட்டும்தான் தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன் சுருட்டை வந்தான். தலைமுடியால் வந்த பெயர். வேறொரு சர்வீஸ் கடையில் ஐந்து வருடம் வேலை பார்த்தவன், அவளைவிட இரண்டு வயதுதான் சின்னவன். வேலை மோசமில்லை. ஆனால் அவனுடைய உண்மையான வேலை வாய்தான். யார் வந்தாலும் சிரிப்பான். "கொடுங்க பாப்போம், என்ன பண்ணிடுச்சு உங்களை?" என்று போனைக் கையில் வாங்கும்போதே பாதி ரிப்பேர் ஆனமாதிரி அவர்களுக்கு முகம் தெளிந்துவிடும். முதலாளி இரண்டாவது வாரமே அவனை முன் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிட்டார்.

அதிலிருந்து இணையத்தில் கடைக்கு வரும் பாராட்டுகளில் எல்லாம் சுருட்டை முடி அண்ணன்தான். சுருட்டை முடி அண்ணன் பொறுமையாகச் சொன்னார், சுருட்டை முடி அண்ணன் அரை மணி நேரத்தில் சரிசெய்தார். அவர் சரிசெய்ததாக எழுதியிருந்த பதினோரு போன்களில் ஏழு, சீனியர் கண்ணீர் வரும்வரை லென்ஸில் பார்த்து சால்டரிங் செய்தவை. அது எந்தெந்த ஏழு என்று அவளுக்குத் தேதியோடு தெரியும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படிப்பாள். "மறுபடியும் அவன் புராணமா?" என்பான் கணவன். "புராணம் இல்ல, சும்மா பாக்கிறேன்" என்று போனைக் கவிழ்த்து வைப்பாள். அடுத்த நிமிடம் மறுபடி எடுப்பாள்.

அவன் அவளை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடை திறந்து கால் மணி நேரத்தில் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நீலச் சட்டையின் பையில் பேருந்தின் படம் தைத்திருந்தது. கையிலிருந்து வாட்சைக் கழற்றி கவுன்ட்டரில் வைத்தார். கறுத்த திரை நடுவில் கம்பெனி லோகோ மட்டும் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் அப்டேட் கேட்டுச்சு தம்பி. சரின்னு அழுத்தினேன். அதுலேருந்து இதையேதான் காட்டுது. பொம்மை மாதிரி."

"அப்டேட்ல பாதி வழியில உக்காந்துடுச்சுக்கா. எழுப்பிடலாம்" என்றான் சுருட்டை.

வாட்சின் பக்கவாட்டில் இருந்த இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தான். பத்துப் பன்னிரண்டு விநாடியில் லோகோ மறைந்தது. விட்டான். லோகோ மறுபடி வந்தது. வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே அணைந்து, பிறகு லோகோ தானாகவே வந்தது. அந்த அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சார்ஜரில் வைத்தான். காந்தம் டப்பென்று பிடித்துக்கொண்டது. வைத்துக்கொண்டே இன்னொரு முறை அழுத்திப் பிடித்தான். அதே கதை.

"சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுக்கா. ரீசெட் போட்டா புதுசு மாதிரி வந்துடும்."

"எதையாவது போடுங்க தம்பி. சாயங்காலம் நாலு மணிக்கு ஹார்ட் டாக்டரைப் பாக்கணும். நெஞ்சு படபடன்னு அடிக்கும்போதெல்லாம் இதுல பதிவு பண்ணச் சொல்லியிருந்தாரு. அதைப் பாத்துட்டுதான் நான் மறுபடி வண்டி எடுக்கலாமா வேணாமான்னு சொல்லுவாரு. ஒரு மாசமா வீட்டுலயே கிடக்கேன்."

"கவலைப்படாதீங்க, ரெக்கார்டெல்லாம் உங்க அக்கவுன்ட்ல பத்திரமா இருக்கும்."

"அப்படியா? என்னமோப்பா. போன்ல அந்த ஆப் பத்து நாளா வெளிய தள்ளிடுச்சு என்னை. பாஸ்வேர்டு மறந்துபோச்சு. நேத்துதான் என் பொண்ணு வந்து உள்ள போனா. போன உடனே முதல்ல அப்டேட் போடுன்னு கேட்டுச்சு."

உள்ளே சீனியர் நிமிர்ந்து பார்த்தாள். சுருட்டை அப்போது ரசீது எழுதிக்கொண்டிருந்தான். "ம்ம், ம்ம்" என்றான். ரெண்டு மணிக்கு வாருங்கள் என்றான். அந்த அம்மா அவன் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

தடுப்புக்குப் பின்னால் சீனியரின் கை நின்றுவிட்டது.

அவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, அந்தப் பத்து நாள் பதிவு எந்த அக்கவுன்ட்டிலும் இல்லை. ஆப்புக்குள் போகவே முடியாதபோது வாட்சிலிருந்து போனுக்கு எதுவும் போயிருக்காது. நேற்று உள்ளே போனதும் அப்டேட் குறுக்கே வந்துவிட்டது. எல்லாம் அந்த வாட்சுக்குள்ளேயே இருக்கிறது. ரீசெட் போட்டால் துடைத்து எடுத்ததுபோல் போய்விடும். இரண்டு, சாஃப்ட்வேர் கெட்டுப்போகவேயில்லை. தானாக அணைந்து தானாக வருகிறதென்றால் பேட்டரியில் உயிரில்லை. லோகோ வரை வருவதற்குத்தான் தெம்பு இருக்கிறது, அதைத் தாண்டிப் போக இல்லை. சார்ஜரில் வைத்தபோதும் சார்ஜ் ஏறும் அடையாளம் வரவில்லை. காந்தம் பிடிக்கிறது, கரன்ட் போகவில்லை.

ஒரு வாக்கியம் போதும். 'அந்த அம்மா சொன்னதைக் கேட்டீங்களா?' நாலடி தூரத்தில்தான் இருந்தான்.

அவள் சொல்லவில்லை.

போடட்டும் என்று நினைத்தாள். ரீசெட் போடட்டும். ரெண்டு மணிக்கு அந்த அம்மா வந்து பதிவு எங்கே என்று கேட்கட்டும். சுருட்டை முடி அண்ணன் அப்போது எப்படிச் சிரிக்கிறார் என்று பார்ப்போம். நினைத்ததும் இதமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் இதம்தான் அதிகமாக இருந்தது.

சுருட்டை பொத்தான்களை அழுத்தி ரீசெட் பட்டியலைக் கொண்டுவந்தான். எழுத்து தெரிந்தது. விரலைக் கொண்டுபோவதற்குள் திரை அணைந்தது. மறுபடி கொண்டுவந்தான். மறுபடி அணைந்தது. ஒவ்வொரு முறையும் சீனியரின் நெஞ்சு அந்த ஓட்டுநர் அம்மாவின் நெஞ்சுபோல் அடித்துக்கொண்டது.

"சீனியர், இதை ஒரு நிமிஷம் பாக்கிறீங்களா? ரீசெட்டுக்குள்ளயே நிக்க மாட்டேங்குது" என்றான் அவன், தடுப்புக்கு மேலே வாட்சை நீட்டிக்கொண்டு.

நேராகக் கேட்டுவிட்டான். இதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்?

"கையில போர்டு சூடா இருக்கு. இப்ப விட முடியாது" என்றாள். அவள் முன்னால் சால்டரிங் செய்து வைத்திருந்த போன் போர்டு நேற்றே ஆறிப்போயிருந்தது.

"பரவால்ல, பரவால்ல." அவன் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார்ஜ் ஏறலையோ என்னமோ." கடையில் இருந்த வேறொரு சார்ஜரை எடுத்து வைத்து, விரலால் அழுத்தினான். ஒரு முறை மின்னல் அடையாளம் வந்து மறைந்தது. "ஆங், இதான்!" என்று ஒரு ரப்பர் பேண்டை எடுத்து வாட்சையும் சார்ஜரையும் இறுக்கிச் சுற்றினான். அடையாளம் வந்தது, போனது, வந்தது.

அந்த நேரம் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். பக்கத்து அலுவலகக் கட்டடத்தில் ஆறு மடிக்கணினி பார்க்க வேண்டுமாம், சுருட்டையைப் போகச் சொன்னார்.

"இது ஒரு மணி நேரம் ஏறட்டும். வந்ததும் ரீசெட் போட்டுக்கிறேன்" என்று சீனியரிடம் சொல்லிவிட்டு அவன் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

இப்போது அவளுக்குப் பயம் வந்தது. இவ்வளவு நேரம் அந்தப் பதிவைக் காப்பாற்றியதே பேட்டரியில் சார்ஜ் இல்லாததுதான். சார்ஜ் ஏறிவிட்டால் இந்த முறை திரை அணையாமல் நிற்கும். பட்டியல் வரும், விரல் படும், பத்து நாள் போய்விடும். ஒரு பெண்ணின் வேலை போனாலும் போகலாம்.

ஆனால் பயத்தோடு கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. அதுதான் அவளை எழுந்திருக்க வைத்தது. அவன் வருவதற்குள் நானே சரிசெய்துவிட்டால்? ரெண்டு மணிக்கு அந்த அம்மா வரும்போது, முதலாளி பார்க்க, நானே கையில் கொடுத்தால்?

வாட்சைத் தன் மேசைக்கு எடுத்து வந்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றினாள். மைக்ராஸ்கோப்பின் கீழே வாட்சின் முதுகைத் திருப்பி வைத்தாள். பொட்டு மாதிரி இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலும் பச்சையுமாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. வியர்வை, சோப்பு, கைக்குப் பூசும் கிரீம். மாதக்கணக்கில் கழற்றாமல் கட்டியிருந்தால் இப்படித்தான். டாக்டர் சொன்னதை அந்த அம்மா அவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்.

பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு ஊறவைத்தாள். மரப் பல்குச்சியின் நுனியால் பொருக்கை மெல்லச் சுரண்டினாள். உலோகத்தால் சுரண்டினால் மேல்பூச்சு போய்விடும், அப்புறம் துருதான் பிடிக்கும். பொருக்கு செதில் செதிலாக வந்தது. அடியில் தங்க நிறம் எட்டிப் பார்த்தபோது அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. சுருட்டை, பாராட்டு, உச்சி வகிடு எதுவும் இல்லை. இந்த வேலை அவளுக்கு எப்போதும் செய்கிற நல்லது இது.

அந்த அம்மாவின் சார்ஜரையும் பார்த்தாள். அதிலிருந்த இரண்டு ஸ்பிரிங் ஊசிகளில் ஒன்று அழுக்கில் சிக்கி உள்ளேயே அமுங்கிக் கிடந்தது. ஆல்கஹால் விட்டு, பல்குச்சியால் நாலைந்து முறை அமுக்கி அமுக்கி விட்டாள். டிக்கென்று மேலே வந்தது. எல்லாம் காயும்வரை பொறுத்திருந்து, வாட்சை அதன் சொந்தச் சார்ஜரிலேயே வைத்தாள். ரப்பர் பேண்டு வேண்டியிருக்கவில்லை. மின்னல் அடையாளம் வந்தது, ஆடாமல் நின்றது.

நாற்பது நிமிடம் அதைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு முறை வாசலைப் பார்த்தாள். அவன் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

பிறகு, சார்ஜரில் வைத்தபடியே இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்து மனதுக்குள் எண்ணினாள். பன்னிரண்டில் திரை முழுவதும் அணைந்தது. உடனே விட்டாள். விடாமல் பிடித்தால்தான் அந்த ரீசெட் பட்டியல் வரும். லோகோ வந்தது. நின்றது. ஒரு நிமிடம் அப்படியே நின்றது. லோகோவுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று தோன்றி, நிரம்ப ஆரம்பித்தது. பாதியில் விட்ட அப்டேட் விட்ட இடத்திலிருந்து நடந்தது. எட்டு நிமிடத்தில் மணி காட்டியது.

இதயத் துடிப்புப் பக்கத்தைத் திறந்தாள். பத்து நாளும் இருந்தன. சில இடங்களில் கோடு வேலி தாண்டுவதுபோல் எகிறியிருந்தது.

ரெண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அந்த அம்மா வந்துவிட்டார். சுருட்டை இன்னும் வரவில்லை. முதலாளி கவுன்ட்டரில் இருந்தார். சீனியர் தடுப்பின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வாட்சை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வந்துடுச்சாம்மா! ஐயோ, என் தங்கமே!" அந்த அம்மா வாட்சைத்தான் கொஞ்சினார்.

"முதல்ல இங்கயே உங்க போனோட சேத்துடலாம். எல்லாப் பதிவும் போனுக்கு வந்துட்டா அப்புறம் பயமில்ல" என்று சீனியர் அதைச் செய்து கொடுத்தாள். போன் திரையில் நீலக்கோடு ஓடி முடிந்தது. பிறகு, காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். "இதுல ஒண்ணுமே கெடலைம்மா. பின்னால சார்ஜ் ஏறுற இடத்துல அழுக்கு. அவ்வளவுதான். காலைல அவர் சொன்ன மாதிரி ரீசெட் போட்டிருந்தா உங்க பத்து நாளும் போயிருக்கும். உங்க ஆப் திறக்காததால எதுவுமே வெளிய போகல."

முதலாளி நிமிர்ந்தார். "ரீசெட் போட இருந்தானா? பதிவு போனுக்குப் போச்சான்னு கேக்காமலா?"

"கேக்கல" என்றாள் சீனியர். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள்.

ஓட்டுநர் அம்மா வாட்சைக் கட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். கோபமாக இல்லை. கணக்கு உதைக்கிறதே என்பதுபோல் பார்த்தார். "ஆப் திறக்கலைன்னு நான் காலைல அந்தத் தம்பிகிட்ட சொல்லும்போது நீங்க உள்ள உக்காந்திருந்தீங்கல்ல? நான் பாத்தேனே. நிமிர்ந்து பாத்தீங்க."

அந்த அம்மா வாட்சின் பட்டையை மாட்டி முடித்தார்.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமாம்மா?"

சீனியர் வாயைத் திறந்தாள். போர்டு சூடாக இருந்தது என்று சொல்லலாம். சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லலாம். ரெண்டும் நாக்கு நுனியில் இருந்தன. இரண்டுமே வரவில்லை.

"தெரியும்" என்றாள்.

"அப்படின்னா அந்தத் தம்பி ரீசெட் போட்டிருந்தா?"

சீனியர் சார்ஜரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அந்த அம்மாவும் வற்புறுத்தவில்லை. "சரி, சரியாயிடுச்சு. நாலு மணிக்குப் போகணும்" என்று பையை எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது திரும்பி, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். அதுதான் அவளைக் கொன்றது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் ஏன் தப்பு பண்ணான்னு நான் அவனைக் கேக்கறேன். உன்னை நான் என்னன்னு கேக்கறது? ஒன்பது வருஷம். நீயே அவன்கிட்ட சொல்லு." மாடிக்குப் போய்விட்டார்.

சுருட்டை வந்தபோது மணி மூன்று. வியர்த்திருந்தான். "எங்க அந்த வாட்ச்? ஏறிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே ரப்பர் பேண்டைத் தேடினான்.

"முடிஞ்சுது. கொடுத்தாச்சு" என்றாள். பிறகு, நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று, ஒரே மூச்சில் சொன்னாள். அழுக்கு இருந்தது, பதிவு உள்ளேயே இருந்தது, அந்த அம்மா சொன்னபோதே தனக்குப் புரிந்துவிட்டது, அவன் கேட்டபோது போர்டு சூடாக இல்லை.

அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேறு ஆள் மாதிரி இருந்தான். வயசு கூடினவன் மாதிரி.

"ஏன்?"

"பொறாமை."

சொல்லிவிட்ட பிறகு அந்தச் சொல் மேசைமேல் கிடந்தது. எடுத்து மறைக்க வழியில்லை.

"என் மேலயா?" அவன் நம்பாமல் கேட்டான். அப்புறம் நம்பினான். "என்மேல கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாமே சீனியர். அந்தக்கா வண்டி ஓட்டுற வேலையை வெச்சா விளையாடறது?" குரல் உயரவில்லை. "நானும் கேட்டிருக்கணும். ரசீதுல கண்ணா இருந்தேன். அது என் தப்பு. ஆனா நான் தெரியாமப் பண்ணேன்."

அவன் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். அடுத்து வந்த வாடிக்கையாளரிடம் சிரித்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

ஐந்தரைக்குக் கடை போன் அடித்தது. சீனியர்தான் எடுத்தாள். ஓட்டுநர் அம்மா. டாக்டர் பதிவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாராம். மாத்திரை மாற்றியிருக்கிறாராம். ஒரு மாதம் பொறுத்து இன்னொரு பரிசோதனை, அது சரியாக இருந்தால் வண்டி எடுக்கலாமாம். "அந்தத் தம்பிகிட்டயும் சொல்லிடுங்க, பாவம், கவலையா இருப்பாரு" என்றார்.

சீனியர் எழுந்து போய்ச் சொன்னாள். "அப்படியா, நல்லது" என்றான் அவன். பாவம் என்று அந்த அம்மா சொன்னதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை உடனே உணர்ந்தாள். திரும்பி நடந்தவள் நின்றாள். "நீங்க கவலையா இருப்பீங்கன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க." அவன் தலையாட்டினான்.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். மறுநாள் ஒரு கல்லூரிப் பெண் அவனைத் தேடி வந்து, அவன் இல்லையென்றதும் "அப்ப நாளைக்கு வர்றேன்" என்று போனபோது, சீனியருக்கு அதே இடத்தில் அதே எரிச்சல் வந்தது. கொஞ்சமும் குறையவில்லை. அவள் அதைத் தெரிந்தே வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சுருட்டை ஒரு போனின் திரையைக் கழற்ற அதைச் சூடுபடுத்தும் தட்டில் வைக்கப் போனான். மூன்று நாளாக வேலை தவிர இருவருக்கும் பேச்சில்லை. தடுப்புக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் பார்த்தபோது போனின் முதுகு மயிரிழை அளவுக்கு மேடாக இருந்தது அவளுக்குத் தெரிந்தது.

ஒரு விநாடி ஆனது. அவ்வளவுதான்.

"நிறுத்துங்க! பேட்டரி உப்பியிருக்கு. சூடு வைக்காதீங்க, வெடிச்சிடும்!"

அவன் கையை இழுத்துக்கொண்டான். போனை மேசைமேல் படுக்க வைத்துக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். "ஆமா" என்றான். தட்டை அணைத்தான். சற்றுப் பொறுத்து, சிரிக்காமல், "நீங்க கழட்டறீங்களா? உங்க கைதான் இதுக்கு நிதானம்" என்றான்.

அவள் கதவைத் திறந்து வெளியே வந்து, கவுன்ட்டரில் அவன் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். அவன் விளக்கை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தான்.